இங் கட்சியும் டூ கட்சியும்

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் நான் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தேன். டுடோரியல். பத்தாவதில் தவறியவர்களைச் சேர்த்து, தேற்றி, மறுபடி பரீட்சைக்கு அனுப்புகிற இடம். கீழே டியூப்பில் காற்றடிக்கும் சத்தம், மேலே என் சத்தம். கடைக்கார அண்ணாச்சி ஒருநாள் என்னை நிறுத்தி, நீங்க எடுக்குத பாடத்துல எனக்கே பாதி இங்கிலீஷ் வந்துட்டு டீச்சர் என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. நான் குறைக்கவில்லை.

எம்.ஏ. படித்திருந்தேன், பி.எட். படிக்கவில்லை. அதனால் பள்ளிக்கூட வேலை கிடையாது, இந்த மாடிதான். அதற்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். இருபத்தாறு வயதில் எனக்கென்று ஒரு கரும்பலகையும், எதிர்த்துப் பேசுகிற ஒரு வகுப்பும் இருந்தன. இப்போது நினைத்தாலும் சாக்பீஸ் தூளும், மத்தியான வெயிலில் காய்ந்த தகரக் கூரையும், கீழிருந்து வரும் ரப்பர் சொலூஷன் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன. அந்த வாசனைக்கு ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரைத் திட்டியிருப்பேன்.

வகுப்புக்குப் பிடிக்காத பாடம் அயற்கூற்று. ஒருவன் சொன்னதை இன்னொருவன் எடுத்துச் சொல்வது. காலம் மாறணும், 'நான்' 'அவன்' ஆகணும், 'நாளை' 'மறுநாள்' ஆகணும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நழுவும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத்தான் பட்டிருக்கும். நம்மிடம் 'என்று' இருக்கிறது. வருகிறேன் என்று சொன்னான், திருடினேன் என்று ஒப்புக்கொண்டான், தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். பேச்சை அப்படியே வைத்து, பின்னால் ஒரு 'என்று' ஒட்டினால் தீர்ந்தது வேலை.

அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். 'சொன்னான்' என்பதற்குப் பதிலாக, எப்படிச் சொன்னான் என்பதைக் காட்டும் வினையைப் போட்டால் வாக்கியம் பாதியாகச் சுருங்கிவிடும். அட்மிட் என்றால் ஒப்புக்கொள்வது, டினை மறுப்பது, பிராமிஸ் வாக்குக் கொடுப்பது, சஜஸ்ட் யோசனை சொல்வது. எங்கள் பிரின்சிபால் கணக்கு வாத்தியார். இதெல்லாம் எதற்கு, 'சொன்னான்' என்று 'செட்' போட்டே எழுதினால் மார்க் தரமாட்டானா என்று கேட்டார். அடைப்புக்குறிக்குள் வினையைக் கொடுத்து, அதை வைத்து மாற்றி எழுது என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்கு என்னோடு வாதாட நேரமில்லை. உங்க பாடு என்று போய்விட்டார்.

ஒவ்வொரு வினையும் தனக்குப் பின்னால் ஒரே மாதிரி ஆளைச் சேர்த்துக்கொள்ளாது என்பதுதான் இதில் தொல்லை. பிராமிஸுக்குப் பின்னால் 'டூ' போட்ட வினை வரும், 'இங்'கில் முடிகிற வினை வராது. அட்மிட்டுக்கும் டினைக்கும் பின்னால் 'இங்' வரும், 'டூ' வராது. அந்தச் சமயம் தேர்தல். ஊரெல்லாம் சுவரில் சின்னம் வரைந்திருந்தார்கள். நானும் பலகையை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் இங் கட்சி, அந்தப் பக்கம் டூ கட்சி என்று எழுதினேன். அட்மிட், டினை இங் கட்சி. பிராமிஸ், அக்ரி, ரெஃப்யூஸ் டூ கட்சி. 'தட்' என்பது கிட்டத்தட்ட எல்லோரோடும் கூட்டணி வைக்கும், ரெஃப்யூஸோடு மட்டும் ஒத்துப்போகாது. சஜஸ்ட் இங் கட்சிதான், தட்டோடும் சேரும், ஆனால் டூ கட்சியின் வாசற்படி மிதிக்காது. எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுதுவது அதைத்தான்: ஹி சஜஸ்டட் மீ டு கோ. போகச் சொல்லி யோசனை சொன்னான் என்பதை அப்படியே தூக்கி வைப்பது. அந்த இடத்துக்கு அட்வைஸ் என்று வேறொருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

வகுப்பிலேயே மூத்தவளை எல்லோரும் அக்கா என்றார்கள். என்னைவிட இரண்டு வயது பெரியவள் என்பதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சர் என்பாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வருவாள். காலையில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு உட்கார்ந்து அப்பளம் தேய்த்துவிட்டு, செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் பாசஞ்சரைப் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டி வகுப்புக்கு வந்து சேர்வாள். நோட்டைத் திறந்தால் பெருங்காயம் மணக்கும். அவளுடைய அப்பா கன்னடியன் கால்வாயில் லஸ்கராக இருந்தார். ஷட்டரைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. வேலையிலிருக்கும்போதே மார்வலி வந்து போய்விட்டார். வாரிசு ஒருவருக்கு வேலை கிடைக்கும். பத்தாவது பாஸ் என்றால் ஆபீஸில் மேசை போட்டு உட்காரும் வேலை. அக்கா எல்லாப் பாடத்திலும் பாஸ், இங்கிலீஷில் மட்டும் விட்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. வரும் அக்டோபர் பரீட்சையில் பாஸானால் வேலை அவளுக்கு. ஆகாவிட்டால், சென்னையில் பலசரக்குக் கடையில் நிற்கும் அவள் அண்ணனுக்கு. அவன் பத்தாவது எப்போதோ முடித்திருந்தான். யாருக்கு வேலை கேட்பது என்று அம்மாதான் முடிவுசெய்து கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் ஆட்சேபமில்லை என்று எழுதித் தர வேண்டும்.

இதையெல்லாம் அவள் பஸ்ஸில் சொன்னாள். நான் வண்ணார்பேட்டையில் இறங்குகிறவள், ஒரே பஸ்தான் ஏறுவோம். வேலை கிடைச்சா முதல்ல என்ன செய்வீங்க என்று ஒருநாள் கேட்டேன். பெருங்காயம் தொடமாட்டேன் டீச்சர் என்றாள். அன்று என் ஸ்டாப்பில் இறங்க மறந்து, இருவரும் சிரித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தோம். கீழே ஆறு நிறையத் தண்ணீர். அந்த ஜன்னலோர சீட்டுக்காக இப்போதும் என் மனசு அடித்துக்கொள்கிறது. இப்போது நான் இருக்கும் ஊரில் ஆறும் இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேச அக்காவும் இல்லை.

சண்டை வந்தது டினையில். 'நான் பானையை உடைக்கவில்லை' என்று அவள் சொன்னாள், இதை டினை வைத்து மாற்று என்று கொடுத்தேன். விடை நாலைந்து சொல்தான்: ஷி டினைட் பிரேக்கிங் த பாட். வகுப்பு மொத்தமும் ஒன்று சேர்ந்து எழுதியது: ஷி டினைட் நாட் பிரேக்கிங் த பாட். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்படி எழுதினால், உடைக்காமலிருந்ததை மறுத்தாள் என்று அர்த்தம், அதாவது உடைத்தது நான்தான் என்று சொல்கிறாள். நீங்க எல்லாரும் கோர்ட்டுக்குப் போனா எதிர்க்கட்சி வக்கீலே தேவையில்ல, நீங்களே உங்களை உள்ள தள்ளிருவீங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை.

"இல்லன்னு சொல்லாம எப்படி டீச்சர் மறுக்கது?" என்றாள்.

நியாயமான கேள்வி. எடுக்கவில்லை என்று மறுத்தான், அடிக்கவில்லை என்று மறுத்தான், இப்படித்தானே பேசுகிறோம், பேப்பரிலும் இப்படித்தானே போடுகிறான். டினை என்கிற சொல்லின் வயிற்றுக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது, வெளியே இன்னொரு 'இல்லை' வைத்தால் இரண்டும் மோதிச் செத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. லேட்டா வரமாட்டேன் என்று பிராமிஸ் பண்ணினால் அங்கே மட்டும் 'நாட்'டை எழுதச் சொன்னீங்களே, பிராமிஸ்ட் நாட் டு கம் லேட் என்று பலகையிலே நீங்களே எழுதினீங்களே என்றாள். அங்கே எழுதணும், அது வாக்கு, வாக்குக்குள் 'இல்லை' கிடையாது என்றேன். ஒருத்தியிடம் 'நாட்'டைக் கொடுத்துவிட்டு இன்னொருத்தியிடம் பிடுங்குவது என்ன நியாயம் என்பதுபோல் பார்த்தாள்.

கோபத்தில் சாக்பீஸைப் போட்டுவிட்டு, சரி, இங்கிலீஷை விடுங்க, 'என்று' போடாமல் தமிழிலேயே சொல்லுங்க என்றேன். அக்காதான் பைய ஆரம்பித்தாள். பானையை உடைத்ததை மறுத்தாள்.

இதில் 'இல்லை' எங்கே என்று கேட்டேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் டீச்சர் என்றாள். உடைத்ததை. அதுதான் இங். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பானையைக் கொடுக்க மறுத்தாள் என்றால்? அது வேறு மறுப்பு, ரெஃப்யூஸ், டூ கட்சி. நம்மிடம் மறுப்பது ஒரே சொல், ஆனால் அதற்கு முன்னால் 'உடைத்ததை' வந்தால் ஒன்று, 'கொடுக்க' வந்தால் இன்னொன்று. எம்.ஏ. வரை படித்த எனக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானாகவும் கவனித்ததில்லை. பலகையை அழித்துவிட்டு வேகவேகமாக எழுதினேன். ஒப்புக்கொள்வதும் அப்படித்தான். பணம் எடுத்ததை ஒப்புக்கொண்டாள், அட்மிட், இங். பணம் தர ஒப்புக்கொண்டாள், அக்ரி, டூ. முதலாவது முடிந்துபோனது. இரண்டாவது இனிமேல் நடக்கப்போவது. முடிஞ்சது இங், முடியப்போறது டூ என்று வகுப்பு கோஷமே போட ஆரம்பித்துவிட்டது. சஜஸ்ட் மட்டும் இதற்குள் அடங்காமல் வெளியே நின்றது, இன்னும் போகாத சினிமாவுக்கும் சஜஸ்டட் கோயிங் என்றுதான் எழுத வேண்டும். அதைக் கட்சி தாவி என்று ஒதுக்கி வைத்தோம். கீழே அண்ணாச்சி காற்றடிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

அக்கா மட்டும் கோஷம் போடவில்லை. பலகையில் 'ஒப்புக்கொண்டாள்' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸிலும் நோட்டில் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல டீச்சர், எங்க வீட்ல அந்தச் சொல்லு ரொம்ப நாளா கெடந்து உருளுது என்றாள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவளுடைய தாய்மாமா வந்தார், கூடவே அவள் அம்மாவும். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எங்களுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா நூல் சேலையில், படி ஏறிய மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பெஞ்சைக் காட்டினேன், ஓரமாக உட்கார்ந்தாள். மாமா கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அரிசி போனதெல்லாம் அவர் வீட்டிலிருந்துதான். அவர் கணக்கு நேரானது. அவள் கல்யாணமாகிப் போய்விடுவாள். அண்ணன்காரன் ஊர் பக்கம் வந்து சேர்ந்தால் அம்மாவுக்குக் கடைசிவரை ஒரு துணை. அதற்கு அவளே சரி என்று சொல்லியாயிற்று. இப்போது பரீட்சை எழுதப்போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், யார் பேருக்கு என்று ஆபீஸில் கேட்கிறார்கள், அம்மா கையெழுத்துப் போடாமல் இழுக்கிறாள். டீச்சரம்மா நீங்களே உள்ளதைச் சொல்லுங்க, இவ பாஸாவாளா என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் அவரே பேச்சைத் தொடர்ந்தார். அவளை எழுப்பி நிறுத்தி, முப்பது பேர் பார்க்க, கொஞ்சம் அன்பாகவே கேட்டார்.

"ஏட்டி, அப்பா பதினாறு அன்னைக்கு எல்லாரும் இருக்கையில நீ ஒப்புக்கிட்டியா, இல்லியா?"

இல்லை என்று சொல்லிவிடு, மறுத்துவிடு என்று மனசுக்குள் கத்தினேன். டினை பண்ணு, நாட் போட்டாவது டினை பண்ணு.

"ஒப்புக்கிட்டேன் மாமா" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார், பார்த்தீங்களா என்பதுபோல். அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே இன்னும் கோடு இருந்தது, இந்தப் பக்கம் இங், அந்தப் பக்கம் டூ.

"எதை ஒப்புக்கிட்டேன்னு நீங்க கேக்கல. இங்கிலீஷ்ல பெயிலானத ஒப்புக்கிட்டேன். அண்ணனுக்கு விட்டுக்குடுக்க ஒப்புக்கிடல. அன்னைக்கு நீங்க ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டிய. நான் ஒரு ஆமாதான் சொன்னேன்."

இப்படி ஒன்று நடந்திருக்கிறது. பதினாறாம் நாள் விசேஷத்தில், வந்தவர்கள் இலையில் உட்காரும் முன், மாமா அவளிடம், நீ அத்தனை தடவை எழுதியும் பெயில்தானே, வேலையை அண்ணனுக்கு விடுதது நல்லதுல்லா என்று கேட்டிருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமா மாமா என்றிருக்கிறாள். அந்த ஆமாவை மாமா வீட்டுக்கு வீடு கொண்டுபோய், அவ ஒப்புக்கிட்டா என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். ஒருத்தி சொன்னது ஆமா. அதை எந்த வினையில் போடுவது என்பது எடுத்துச் சொல்கிறவர் கையில் அல்லவா இருக்கிறது. நான் இத்தனை நாளாக மார்க்குக்காக நடத்திய பாடம், அந்த வீட்டில் ஒரு வேலையை யாருக்குத் தருவது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டார். எனக்கும் நான் அதைத்தான் சொல்லிட்டேனோன்னு தோணிக்கிட்டே இருந்தது மாமா, ரெண்டும் வேற வேறன்னு இப்பத்தான் தெரிஞ்சது என்றாள். இங்கிலீஷ் படிச்சு வார்த்தையை மாத்திப் பேச கத்துக்கிட்டா என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வார்த்தையை மாத்தினது யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் அந்த இடத்தில் எனக்கு வாய் நிற்காது.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவின் அம்மா பக்கம் திரும்பினார். அவருக்கு மூத்தவள் அவள்.

"எக்கா, நீ பக்கத்துலதான இருந்த. நீ சொல்லு. அவ அன்னைக்கு என்ன சொன்னா? ஒப்புக்கிட்டாளா, மாட்டேன்னாளா?"

அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்று அக்கா பின்னால் சொன்னாள். தம்பி சோறு போடுகிறவர். மகன் தூரத்தில் கஷ்டப்படுகிறவன். மகள் எதிரில் நிற்கிறாள். ஒப்புக்கிட்டா என்று சொன்னால் அன்றோடு முடிந்தது. மறுத்தாள் என்று சொன்னால் தம்பியைப் பொய்யனாக்கியது போலாகும். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதா" என்றாள். "எனக்கு அம்புட்டுதான் தெரியும்."

மாமா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல், பரீட்சை முடியட்டும், அதுக்கு மேல பாத்துக்கிடலாம் என்றார். இறங்கும்போது படியில் நின்று மறுபடி என்னிடம் கேட்டார், இவ பாஸாயிருவாளா டீச்சரம்மா. ஆயிருவா என்றேன். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். வாழைப்பழத்தை வகுப்பு அதற்குள் காலி செய்திருந்தது.

அடுத்த வாரங்களில் நான் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளுக்கு மட்டும் தனியாக எடுத்தேன். பஸ்ஸில் எடுத்தேன். அவள் ரயில் வரும்வரை ஜங்ஷன் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தேன், அங்கிருந்து நான் திரும்பி வண்ணார்பேட்டைக்கு வர இருட்டிவிடும். ஏங்க, இவ்வளவு கத்துனா அவளுக்கு வரதும் போயிரும் என்று டீ விற்கிறவர் சொல்லியிருக்கிறார். கேள்வி பதிலாகவே இராது அது, எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. பக்கத்தில் யாராவது பேசினால் அதை மாற்ற வேண்டும். இந்தப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று ஒரு போர்ட்டர் யாரிடமோ சொன்னால், ரெஃப்யூஸ்ட் டு டச். நான் இடிக்கலையே என்று ஒருவர் சண்டை போட்டால், டினைட் புஷிங், 'நாட்'டை விழுங்கணும். நாளைக்குத் தாரேன் என்று ஒருத்தன் நழுவினால், பிராமிஸ்ட் டு கிவ் என்று நான் சொல்வேன். அவன் மூஞ்சியப் பாத்தா பிராமிஸ் மாதிரியா டீச்சர் தெரியுது என்பாள் அவள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் பெஞ்சே ஆடும். பாசஞ்சர் வரும், அவள் ஏறுவாள், ஜன்னலில் இருந்து கையசைக்கும்போதும் ஏதாவது ஒரு வாக்கியத்தைக் கத்துவாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பின் பாடம் நடத்தியதே இல்லை.

பரீட்சை எழுதிவிட்டு நேரே மாடிக்கு வந்தாள். டினை வந்தது டீச்சர், 'நாட்'டை எடுத்துட்டேன் என்றாள். மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை, பயம். ரிசல்ட் வந்த அன்று பேப்பரை நான்தான் முதலில் பார்த்தேன். நம்பர் இருந்தது. ஓடிப்போய்க் கீழே அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் யார் நம்பர் என்றுகூடக் கேட்காமல், நல்லது டீச்சர், இனிமேலாவது கொஞ்சம் பையப் பேசுங்க என்றார். மார்க் பட்டியல் வந்தபோது பார்த்தோம், பாஸ் மார்க்கை உரசிக்கொண்டு நின்றிருந்தாள். போதும். அம்மா மகள் பேருக்குக் கையெழுத்து வைத்தாள், கைநாட்டுத்தான். அண்ணன் சென்னையிலிருந்து ஆட்சேபமில்லை என்று எழுதி அனுப்பினான். அவனிடம் யாரும் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆபீஸ் ஆபீஸாக மாமாதான் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தார்.

வேலைக்கு உத்தரவு வர வெகுநாளாயிற்று. வந்த பிறகு ஒரு சாயங்காலம், அதே பிளாட்பாரத்தில், அதே பெஞ்சில் என்னைத் தேடி வந்து உட்கார்ந்தாள். மடிப்புக் கலையாத சேலை, தோளில் கைப்பை. எனக்கென்று ஒரு கட்டு அப்பளம் கொண்டுவந்திருந்தாள், கடைசியாக அவள் கையால் தேய்த்தது. நோட்டு இல்லை, பாடம் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லாருக்காவ, என் மருமவ ஆபீஸ்ல இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ என்றாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், எங்கம்மா அன்னைக்கு என்னைப் பத்தி 'அழுதா'ன்னு சொன்னால்லா. அந்த அழுதாவுக்குப் பின்னால என்ன வரும்? இங்கா, டூவா?"

பலகை இல்லாமல் யோசித்தேன்.

"அதுக்குப் பின்னால ஒண்ணும் வராது அக்கா. அங்கனயே முற்றுப்புள்ளி வச்சிரணும்."

பாசஞ்சர் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்று எந்த வாக்கியத்தையும் கத்தவில்லை.